கதவில் அறுபடும் நேவ்மெஷ்: வாக்ஸலைக் குறைப்பதா, லிங்க் போடுவதா?

யூனிட்டி கேம் எஞ்சினில், நடமாடும் உருவமான ஏஜென்ட்டின் ஆரம் 0.5 மீ. என்றால், அது நடக்கக்கூடிய பரப்பான நேவ்மெஷ் கதவின் இருபுறமும் அவ்வளவு தூரம் அரிக்கப்படும். 1.2 மீ. கதவில் மிஞ்சுவது 0.2 மீ. பட்டைதான். நேவ்மெஷைக் கணக்கிட இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டமான வாக்ஸலின் இயல்பான அளவு ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.17 மீ. அதனால் தோராயக் கணக்கிலேயே பட்டை காணாமல் போகலாம். `Voxel Size`-ஐப் பாதியாக்கினால் பெரும்பாலும் திரும்பிவிடும். நேவ்மெஷை உருவாக்கும், அதாவது பேக் செய்யும், நேரமும் நினைவகமும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். என் தேர்வு இதுவே.

0.9 மீ. கதவில் இது பலிக்காது. ஆரத்தைக் குறைக்க மனமில்லாவிட்டால், அறுபட்ட இரு பரப்புகளை இணைக்கும் `NavMeshLink` போடலாம். ஆனால் கதவை நகர்த்தினால் லிங்க் பழைய இடத்திலேயே நிற்கும்; உருவத்தின் தோள் சுவருக்குள் புகவும் கூடும்.

படிக்கட்டு வேறு கதை. படியின் உயரம் `Step Height`-ஐத் தாண்டினால் வாக்ஸலைக் குறைத்துப் பயனில்லை. லிங்க் இணைக்கும், ஆனால் ஏஜென்ட் நேர்கோட்டில் சறுக்கும். பேக்குக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத சாய்தளம் வைப்பது இரண்டையும்விட மேல்.