ஃப்ளைவீல் ஸ்குவாட் மேடை: இறங்கும்போது சுமை எங்கிருந்து கூடுகிறது?

ஃப்ளைவீல் கருவி விற்பவர்கள் தவறாமல் தரும் உறுதிமொழி ஒன்று உண்டு: எழும்போது இருப்பதைவிட இறங்கும்போது சுமை தானாகவே கூடும் என்பார்கள். சில ஆண்டுகளாக வீட்டு மாடியில் இந்தக் கருவியை வாரம் இரண்டு முறை பயன்படுத்தி வருகிறேன். அந்த உறுதிமொழியில் பாதிதான் சரி என்பது என் முடிவு. சுமை கூடும், ஆனால் அதைக் கூட்டுவது பயிற்சி செய்பவரின் கால்கள். கருவி அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவே.

என்னுடையது ஸ்குவாட் செய்வதற்கான தாழ்வான மேடை. மேடைக்கு அடியில் ஓர் அச்சு, அதில் கனமான வட்டச் சக்கரம். அச்சில் சுற்றியிருக்கும் நைலான் பட்டையின் மறுமுனை இடுப்பில் கட்டிய ஹார்னஸில் மாட்டப்படுகிறது. எழுந்து நின்றால் பட்டை அவிழ்ந்து சக்கரம் சுழலும். பட்டை முழுதும் அவிழ்ந்த பிறகும் சக்கரம் நிற்காது. அதே திசையில் தொடர்ந்து சுழன்று பட்டையை மறுபடி தன்மேல் சுற்றிக்கொள்ளும், நம்மைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கிச் சக்கரத்தை நிறுத்துவதுதான் இறங்கும் கட்டம். நிறுத்திய அடுத்த நொடி மீண்டும் எழ வேண்டும்.

இதில் எடை என்று எதுவும் இல்லை. இந்த வகைக் கருவியை 1990களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஹான்ஸ் பெர்க், பெர் டெஷ் ஆகிய இருவரும் விண்வெளி வீரர்களை மனத்தில் வைத்து உருவாக்கினார்கள். எடையற்ற நிலையில் இரும்புத் தட்டுகளால் பயனில்லை, சக்கரத்தின் நிலைமம் மட்டும் அங்கேயும் மாறாது. பார்பெல் பழக்கத்தில் வருபவர்களுக்கு இதுதான் முதலில் புரியாது. "எத்தனை கிலோ போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். மெதுவாக எழுந்தால் பெரிய சக்கரமும் லேசாகத்தான் இருக்கும். முழு வேகத்தில் எழுந்தால் சிறிய சக்கரமும் மூச்சு வாங்க வைக்கும்.

இனி கணக்கு. ஒரு முறை எழும்போது அரை மீட்டர் தூரத்துக்குச் சராசரியாக 600 நியூட்டன் விசையுடன் பட்டையை இழுக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையைச் சேர்க்காமல், ஏறத்தாழ 60 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு இது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் 300 ஜூல். அந்த ஆற்றல் முழுதும் இப்போது சக்கரத்தில் இருக்கிறது. என் சக்கரத்தின் நிலைமத் திருப்புதிறன் 0.05 கிலோகிராம் சதுர மீட்டர். அப்படியானால் அது நிமிடத்துக்குச் சுமார் 1,050 சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இறங்கும்போது நான் உள்வாங்க வேண்டியதும் அதே 300 ஜூல்தான். உராய்வில் போனது போக இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். என்னுடன் கைப்பந்து ஆடும் நண்பர் லேத் பட்டறை வைத்திருப்பவர். கருவியைப் பார்த்தவுடன், "இது வட்டி தராத வங்கி, போட்டதைத்தான் திருப்பித் தரும், கமிஷனும் பிடித்துக்கொள்ளும்" என்றார். விற்பனையாளரின் நீண்ட விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

பிறகு கூடுதல் சுமை எங்கிருந்து வருகிறது? தூரத்தைச் சுருக்குவதில் வருகிறது. உச்சியிலிருந்து கீழே வரை சீராக எதிர்த்துக்கொண்டே இறங்கினால் சராசரி விசை அதே 600 நியூட்டன். கூடுதல் எதுவும் இல்லை. மாறாக, இறக்கத்தின் முதல் பாதியில் பெரிதும் விட்டுக்கொடுத்து 200 நியூட்டன் அளவுக்கு மட்டும் எதிர்த்தால், கால் மீட்டரில் 50 ஜூல்தான் செலவாகும். மீதி 250 ஜூலை எஞ்சிய கால் மீட்டருக்குள் நிறுத்தியாக வேண்டும். அங்கே சராசரி விசை 1,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 100 கிலோ. எழும்போது 60, இறங்கும் கட்டத்தின் பின்பாதியில் 100. மொத்த ஆற்றல் மாறவில்லை, அதைச் செலவிட்ட இடம்தான் மாறியது.

சொல்வதற்கு எளிது. உடலுக்கு இது இயல்பாக வராது. சக்கரம் இழுக்கத் தொடங்கியதும் கால்கள் உடனே எதிர்க்கப் பார்க்கும், அதை அடக்கிவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் திறனையும் அளந்து கைப்பேசியில் காட்டும் மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. முதல் சில வாரங்களில் அந்த மீட்டரில் இறங்கும் கட்டத்தின் உச்சத் திறன் எழும் கட்டத்துடையதைத் தாண்டவே இல்லை. தாண்டத் தொடங்கிய பிறகு வேறொரு சிக்கல் வந்தது. எல்லாவற்றையும் அடிமட்டத்தின் கடைசி ஒரு சாணில் நிறுத்தும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மீட்டரில் எண் அழகாக இருக்கும், ஆனால் அங்கே முழங்கால் முழுதும் மடங்கியிருக்கிறது, கீழ்முதுகு வளைகிறது, குதிகால் மேடையை விட்டு எழுகிறது. மீட்டர் உச்சத்தைக் காட்டுமே தவிர அந்த உச்சம் எந்த ஆழத்தில் வந்தது என்று காட்டாது. பக்கவாட்டில் கைப்பேசியை வைத்துப் படமெடுத்துப் பார்ப்பதுதான் வழி. இப்போது பாதி இறக்கத்தில் தடையைத் தொடங்கி, தொடை தரைக்கு இணையாக வரும்போது சக்கரம் நின்றுவிடும்படி செய்கிறேன். உச்சம் சற்றுக் குறைந்தது, முழங்கால் நிம்மதியானது.

இறங்கும் வேலையை உண்மையிலேயே கூட்ட இன்னொரு வழி இருக்கிறது: எழும்போது உதவி வாங்குவது. முன்னால் சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக் கைகளாலும் இழுத்து எழுந்து, இறங்கும்போது கைகளைத் தளர்த்திவிடலாம். கைகள் போட்ட ஆற்றலையும் சேர்த்துக் கால்களே தாங்க வேண்டியிருக்கும். ஃப்ளைவீல் லெக் கர்ல் கருவியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இரு கால்களாலும் மடக்கி, ஒரே காலால் தாங்கினால், அந்தக் கால் தான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கை வாங்கிக்கொள்கிறது. இதைச் சிறிய சக்கரத்தில் தொடங்குவது நல்லது. பெரிய சக்கரத்தில் முதல் நாளே முயல்வது தொடையின் பின்தசைக்குச் செய்யும் துரோகம்.

வேறு கருவிகள் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்கின்றன. 1970களில் நாட்டிலஸ் நிறுவனத்தின் ஆர்தர் ஜோன்ஸ், எடையைக் காலால் மிதித்து உயர்த்திக் கையால் இறக்கும் கருவிகளைச் செய்தார். சுவீடனின் எக்ஸ்-ஃபோர்ஸ் கருவியில் மோட்டார் ஒன்று எடை அடுக்கையே சாய்க்கும். எழும்போது அடுக்கு 45 டிகிரி சாய்ந்திருக்கும், 100 கிலோ 71 கிலோவாகத் தெரியும். இறங்கும்போது நிமிர்ந்துவிடும், முழு 100 கிலோவும் வந்து சேரும். கூடுதல் சுமார் 40 சதவீதம். முழுதும் மோட்டாரால் இயங்கும் கேபிள் கருவிகளில் இரு கட்டங்களுக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம். அப்படிப்பட்ட ஒன்றை ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் சில மாதங்கள் பயன்படுத்தினேன். அங்கே கூடுதல் சுமை மின்சாரத்திலிருந்து வருகிறது, என் திறமையை அது எதிர்பார்ப்பதில்லை. புதியவருக்கும், எவ்வளவு சுமை என்று எழுதிவைக்க வேண்டிய மருத்துவப் பயிற்சிக்கும் அதுதான் நல்லது. விலையைக் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

தசையால் இந்தக் கூடுதலைத் தாங்க முடிவது ஏன் என்று கேட்பவர்களுக்கு 1952இல் வெளியான ஒரு பரிசோதனையைச் சொல்வேன். ஆபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களைப் பின்புறம் பின்புறமாகச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார், மற்றவர் பெடலை எதிர்த்துத் தாங்குவார். இருவருக்கும் விசை ஒன்றே, வேகமும் ஒன்றே. ஆனால் மிதித்தவர் செலவிட்ட ஆக்சிஜன் தாங்கியவருடையதைப் போலப் பல மடங்கு. நீளும் தசை குறைந்த செலவில் அதிக விசை தருகிறது. அதனால்தான் எழும் பலத்தை வைத்து அளந்த சாதாரண எடை, இறங்கும்போது தசைக்குப் போதுவதில்லை.

மூச்சு வாங்காததால் அதிகம் செய்யவில்லை என்று தோன்றும், இரண்டாம் நாள் படிக்கட்டு இறங்கும்போது உண்மை தெரியும். தொடக்கத்தில் வாரம் ஒரு முறை, இரண்டே செட் போதும். அதே பயிற்சியை மறுபடி செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்துவிடும். இப்போது என் வழக்கம் நான்கு செட், ஒவ்வொன்றிலும் ஏழு முறை. அதற்கு முன் சக்கரத்துக்கு வேகம் ஏற்றும் இரண்டு முறைகளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

என்ன கிடைத்தது? முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாரில் இருந்த நாள்பட்ட வலி சில மாதங்களில் தணிந்தது. கைப்பந்தில் குதித்து இறங்கித் திரும்புவதில் தயக்கம் போனது. தொடை பருமன் மட்டும் பார்பெல் காலத்தைவிடக் கூடியதாகத் தெரியவில்லை. ஆய்வாளர்களிடமும் இதில் ஒருமித்த முடிவு இல்லை. 2017இல் வந்த தொகுப்பாய்வு ஃப்ளைவீலுக்கு முன்னிலை தந்தது, 2018இல் வந்த இன்னொன்று வழக்கமான எடைப் பயிற்சியைவிட மேல் என்று சொல்லச் சான்று போதாது என்றது. எனக்கு அதிக நம்பிக்கை தந்தது 2003இல் ஆஸ்க்லிங் குழுவினர் சுவீடன் கால்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வு. ஃப்ளைவீல் லெக் கர்ல் செய்த 15 பேரில் 3 பேருக்கும், செய்யாத 15 பேரில் 10 பேருக்கும் ஹேம்ஸ்ட்ரிங் காயம் வந்தது. ஆட்கள் குறைவு, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குறைகளில் முதலாவது பட்டை. அதன் நீளத்தை ஒவ்வொருவரின் உயரத்துக்கும் மாற்ற வேண்டும். நிமிர்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் பட்டை முழுதும் அவிழ்ந்திருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நிமிர்வதற்குள் சக்கரம் கீழே இழுத்துவிடும். நீளமாக இருந்தால் நிமிர்ந்த பிறகும் பட்டை மிச்சமிருக்கும், அது அவிழ்ந்து தீரும்வரை தொய்வு, அப்புறம் சுளீரென்று ஓர் உதறல். வீட்டில் இருவர் மாறி மாறிச் செய்தால் இந்தச் சரிசெய்தலே பொறுமையைச் சோதிக்கும். பட்டை கோணலாகச் சுற்றினால் ஓரம் பிசிறும். என் முதல் பட்டை அப்படித்தான் தேய்ந்தது, மாற்றுப் பட்டைக்கு விற்பனையாளர் நெடுநாள் காக்க வைத்தார். இரண்டாவது குறை ஹார்னஸ்: இடுப்பெலும்பில் அழுத்தும், உள்ளே மடித்த துண்டு வைக்காமல் என்னால் முடிவதில்லை. மீட்டரும் சில நாள் கைப்பேசியுடன் இணைய மறுக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

செட் முடிந்ததும் மேடையிலிருந்து உடனே இறங்கக் கூடாது, சக்கரத்தில் இன்னும் ஆற்றல் இருக்கும். எழும்போது உதைக்காமல், பட்டையுடன் சும்மா இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால் அது உராய்வில் கரைந்துவிடும். வாங்க நினைப்பவர்கள் மீட்டருடன், வெவ்வேறு அளவுச் சக்கரங்கள் குறைந்தது இரண்டு சேர்த்து வாங்குவது நல்லது. ஹார்னஸ் கொக்கியையும் பட்டையின் தையலையும் மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நூல் பிரியத் தொடங்கியிருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும், பின்பாதியில் வரும் அந்த 1,000 நியூட்டனும் அந்தத் தையல் வழியாகத்தான் வருகிறது.