ஆணுக்கு நீர்க்கடுப்பு வந்தால் முதலில் எது: ஸ்கேனா, சிடியா, கேமராவா?

தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரையில் நிற்பது கொஞ்ச நாள்தான். அந்த நாட்களுக்குள் நீர்க்கடுப்பு வந்துவிட்டால் மெடிக்கல் ஸ்டோரில் மாத்திரை, வீட்டில் சீரக வெள்ளம், இளநீர், அப்புறம் மறுபடியும் கடல். கொஞ்சம் வசதி இருந்தால் இதற்கு நேர் எதிராக நடக்கும்: "எதுக்கு வம்பு, ஒரு சிடி எடுத்துருங்க மாமா" என்று மருமகன் வற்புறுத்துவார். இந்த இரண்டுமே முதல் படியாகச் சரியில்லை என்பது என் கருத்து. நடுவில் மலிவான, வலியில்லாத ஒரு வழி இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால்தான் பலன்.

ஆணுக்கு வரும் சிறுநீர்த் தொற்றை மருத்துவர்கள் ஏன் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்; ஆணுக்கு சுமார் 20 செ.மீ. அவ்வளவு தூரம் கிருமி ஏறுவது கஷ்டம். ஏறினாலும், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியானால் ஒவ்வொரு தடவையும் கழுவிக்கொண்டு போய்விடும். சிறுநீர்ப்பைக்குக் கீழே குழாயைச் சுற்றி இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் நீருக்கும் கிருமியைத் தடுக்கும் தன்மை உண்டு. இத்தனையும் மீறித் தொற்று வந்திருக்கிறது என்றால், நீர் எங்கோ தேங்குகிறதா, கல் இருக்கிறதா, குழாய் சுருங்கியிருக்கிறதா, சர்க்கரை ஏறிக் கிடக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. கிருமி புராஸ்டேட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டால் எல்லா மருந்தும் அங்கே போய்ச் சேராது. பெண்களுக்கு நன்றாக வேலை செய்யும் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் நிறைய சேரும். புராஸ்டேட் திசுவுக்குள் போதிய அளவு போகாது. மனைவிக்கு எழுதிய மாத்திரையைக் கணவர் எடுத்துப் போடுவது பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

முன்பு ஆண் என்றாலே 'சிக்கலான தொற்று' என்று எழுதிவிடுவார்கள். 2025இல் வந்த அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. காய்ச்சல் இல்லாமல், தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றால் ஆணுக்கும் அது எளிய தொற்றுதான் என்கிறது. இது நல்ல மாற்றம், தேவையில்லாத ஊசிகளும் நீண்ட நாள் மருந்தும் குறையும். ஆனால் காரணத்தைத் தேட வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

சரி, ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். வயது 56, விசைப்படகில் வேலை, புகைப்பழக்கம் கிடையாது. நான்கு மாதம் முன்பு ஒரு தடவை கடுப்பு வந்து மாத்திரையில் சரியானது. இப்போது மறுபடியும் எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய அவசரம், இரவில் மூன்று தடவை எழுந்திருப்பது. காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை. பத்து நாளில் படகு கிளம்புகிறது.

இவருக்கு முன்னால் இருக்கும் முதல் தேர்வு, உடனே மாத்திரை போடுவதா, கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டுப் போடுவதா என்பது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டுத்தான். மருந்து ஒரு வேளை போட்டுவிட்டால்கூடக் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று தெரியவே வாய்ப்பில்லை. நம் நாட்டில் சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான இ. கோலை கிருமி சிப்ரோஃபிளாக்சசின் மருந்துக்குப் பல இடங்களில் பெரும்பாலும் மசிவதில்லை. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுநீரைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். கடற்கரை கிராமத்தில் காலையில் பிடித்த பாட்டிலை வெயிலில் பைக்கில் தொங்கவிட்டு மதியம் நாகர்கோவிலில் கொடுத்தால், வழியிலேயே கிருமி பெருகி 'பல வகைக் கிருமி கலப்பு' என்று ரிசல்ட் வரும். அந்த ரிசல்ட்டால் பயனில்லை. லேபிலேயே போய்ப் பிடித்துக் கொடுப்பது மேல். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்காக மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாம், ரிசல்ட் பார்த்து மாற்றலாம்.

இவருக்கு இ. கோலை வந்தது, சிப்ரோவுக்கு எதிர்ப்பு, கோட்ரைமாக்சசோலுக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது புராஸ்டேட்டுக்குள்ளும் போகும் மருந்து. எத்தனை நாள்? காய்ச்சல் இல்லாத ஆண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 7 நாளும் 14 நாளும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. ஆக 7 நாள் போதும், படகு கிளம்புமுன் முடிந்துவிடும். காய்ச்சல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

இப்போது காரணத்தைத் தேடும் சோதனைகளுக்கு வருவோம். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதோடு நீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ ஒரு பக்கம், சிடி மறுபக்கம்.

சிடியின் பலம் கல். சாயம் ஏற்றாத சாதாரண சிடி, சிறுநீரகத்திலும் அங்கிருந்து பைக்கு இறங்கும் குழாயிலும் இருக்கும் கல்லை அநேகமாகத் தவற விடாது. ஸ்கேன் இதில் பலவீனம்தான். குடல் வாயு மறைத்தால் அந்தக் குழாயின் நடுப்பகுதியில் இருக்கும் கல் தெரியவே தெரியாது, சிறுநீரகம் வீங்கியிருப்பதை வைத்து ஊகிக்க வேண்டும். ஆனால் சிடி ஓர் அசையாத படம். நீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்பதை அது சொல்வதில்லை. ஐம்பது தாண்டிய ஆணுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால் முதல் சந்தேகம் இந்த மிச்சத்தின் மேல்தான், கல்லின் மேல் அல்ல. அதனால்தான் நான் ஸ்கேன் பக்கம் நிற்கிறேன். கதிர்வீச்சும் இல்லை, செலவும் குறைவு.

ஸ்கேனில் எழுதி வாங்க வேண்டியது ஒன்று உண்டு: நீர் கழித்த பிறகு பையில் மிச்சம் எத்தனை மி.லி. அது இல்லாத ரிப்போர்ட் இந்த நோய்க்குப் பாதி ரிப்போர்ட்தான். 50 மி.லி.க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 100ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 200, 300 என்றால் காரணம் கண்டே ஆக வேண்டும்.

இந்த எண் தப்பாக வருவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் தினமும் நடப்பது. நம் ஆள் டோக்கன் போட்டுவிட்டு இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். கூட்டம், மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அடக்க முடியாத நிலையில் படுக்க வைத்தபோது பையில் 720 மி.லி. போய்விட்டு வந்து பார்த்ததில் மிச்சம் 260. இதை வைத்துப் பயந்துவிடக் கூடாது. அளவுக்கு மீறி இழுபட்ட பை ஒழுங்காகச் சுருங்காது. நீர் கழித்துவிட்டு வந்து அரை மணி காத்திருந்தாலும் சிறுநீரகம் புதிதாக ஊற்றிவிடும். சாதாரணமாக முட்டும்போது போய்விட்டு உடனே பார்க்க வேண்டும். இவருக்கு இன்னொரு நாள் அப்படிப் பார்த்ததில் 140 மி.லி. வந்தது. புராஸ்டேட் 42 சிசி. வழக்கமாக 20, 25 இருக்கும். சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கவில்லை, பையில் கல் இல்லை.

யூரோஃப்ளோவைத் தொற்று அடங்கிய பிறகே செய்ய வேண்டும். எரிச்சலோடு போனால் வேகம் குறைவாகத்தான் வரும். குறைந்தது 150 மி.லி.யாவது போக வேண்டும், அதற்குக் கீழே என்றால் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. உச்ச வேகம் வினாடிக்கு 15 மி.லி.க்கு மேல் என்றால் பெரும்பாலும் நல்லது. 10க்குக் கீழே என்றால் அடைப்பாக இருக்கலாம். இவர் போனது 230 மி.லி., உச்சம் 8. எண்ணைவிட வரைபடத்தின் வடிவம் அதிகம் சொல்லும். இவருக்கு மெதுவாக ஏறி, தாழ்ந்து, இழுத்துக்கொண்டே போனது. புராஸ்டேட் வீக்கத்தில் அப்படி வரும். மேலே தட்டையாக, மேஜை மாதிரி நின்றால் குழாய் சுருக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். முப்பது வயது இளைஞருக்கு, அதுவும் முன்பு கதீட்டர் போட்டவர், கட்டுமரத்தின் விளிம்பிலோ மரக்கிளையிலோ கால் அகல விழுந்தவர் என்றால், இந்தத் தட்டை வரைபடம் வந்ததும் அடுத்த படி சாயம் விட்டு எடுக்கும் குழாய் எக்ஸ்ரே. அதுவும் தொற்று முழுதாகப் போன பிறகு. யூரோஃப்ளோவுக்கு ஓர் எல்லை உண்டு. வழி அடைத்திருக்கிறதா, பையின் தசைதான் தளர்ந்திருக்கிறதா என்று அது பிரித்துச் சொல்லாது. பல வருஷ சர்க்கரைக்காரருக்கு இரண்டாவதாகவும் இருக்கலாம். அதனால் எல்லாருக்கும் ரத்தச் சர்க்கரையையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் பார்த்துவிட வேண்டும்.

அப்போ சிடி எப்போது முந்தும்? காய்ச்சலும் நடுக்கமும் விலாப்பக்க வலியும் சேர்ந்து வந்தால் முந்தும். கல் அடைத்த சிறுநீரகத்தில் தொற்று சேர்ந்தால் அது தேங்கிய நீரை அன்றைக்கே வடித்துவிட வேண்டிய அவசரம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நேரே போவதுதான் சரி, வீட்டில் மாத்திரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சரியான மருந்து போட்டும் மூன்று நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் சாயம் ஏற்றிய சிடி, சீழ் கட்டியிருக்கிறதா என்று காட்டும்.

சிறுநீர்க் குழாய் வழியாகப் பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது இவருக்கு இப்போது தேவையில்லை. தொற்று இருக்கும்போது விட்டால் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. தொற்று போன சில வாரம் கழித்துச் செய்யும் யூரின் டெஸ்டிலும் ரத்தம் தெரிந்தால் கேமரா முன்னுக்கு வரும். புகைப்பவராக இருந்தால் தள்ளிப் போடவே கூடாது. யூரினில் சீழணுக்கள் நிறைய, ஆனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகக் காசநோயையும் தேட வேண்டும். அதற்குக் காலை முதல் நீர் வேண்டும், சாதாரண கல்ச்சரில் அது வளராது.

பலரும் அவசரப்படும் இன்னொன்று, புராஸ்டேட் புற்றுநோயைத் தேட எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. தொற்றின்போது புராஸ்டேட் புண்பட்டிருப்பதால் அந்த அளவு பல மடங்கு ஏறும். அந்த நேரத்தில் எடுத்து, புற்றுநோயோ என்று ஒரு குடும்பமே தூக்கம் இழப்பதை நினைத்தால் மனசு வலிக்கிறது. குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் விட்டு எடுக்க வேண்டும். நம் ஆள் அடுத்த தடவை கரைக்கு வரும்போது எடுக்கலாம்.

இவருக்குக் கிடைத்தது, புராஸ்டேட்டையும் பையின் வாயையும் தளர்த்தும் டாம்சுலோசின், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், ஆடும் படகில் அது சாதாரண விஷயமில்லை. ஆகவே முதல் சில நாளைக் கரையிலேயே கழித்துப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் பல, பையின் வாயை இறுக்கி அல்லது தசையைத் தளர்த்தி நீரை முழுதாகக் கட்டிவிடும். இவர் புறப்படும்போது மருந்துப் பெட்டியில் அவற்றைத் தனக்கென்று எடுக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து மிச்சத்தையும் வேகத்தையும் திரும்ப அளக்க வேண்டும். மிச்சம் குறையாமல், தொற்றும் மறுபடி வந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய கட்டம் அது.