இரவு மூன்று மணிச் சாப்பாடு: எழுந்து சாப்பிடுவதா, எழுப்ப வேண்டாம் என்பதா?

சென்னையிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்களில் பல, நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு முன்பே ஆறு மணி நேரக் கார் பயணம் வேறு. அசந்துபோய் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினால், மூன்று மணி வாக்கில் சாப்பாட்டு வண்டி வந்து நிற்கும். அப்போது எழுந்து சாப்பிடலாம். எதற்குமே எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முதல் சாப்பாட்டை விட்டுவிட்டு, இறங்குவதற்கு முன் தருவதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மகளைப் பார்க்க பிராங்க்பர்ட் போய்வரும் நான் இந்த மூன்றாவது கட்சி. என் மச்சினர் முதல் கட்சி. “டிக்கெட் காசுல அதுவும் சேர்த்திதானே மாமா, எதுக்கு விடணும்?” என்பார். அதற்கு மேல் அவரிடம் வேறு வாதம் கிடையாது.

எனக்கு இதில் தீர்மானமான விஷயம் ருசியோ காசோ அல்ல, எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிகிறது என்பதுதான். கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். விமானம் 1.50-க்குக் கிளம்புகிறது, பயணம் சுமார் பத்து மணி நேரம் என்று வையுங்கள். மேலே ஏறி ஒரு மணி நேரம் கழித்து வண்டி வரும். சாப்பிட்டு, ட்ரேயைத் திரும்ப எடுத்துப் போய், விளக்கை அணைக்கும்போது நாலேகால் ஆகிவிடும். இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, அதாவது ஒன்பதே முக்கால் வாக்கில், அடுத்த சாப்பாடு. ஆக, மச்சினர் வழியில் போனால் அதிகபட்சம் ஐந்தரை மணி நேரம். அதுவும் நிறைந்த வயிற்றோடு, பாதி சாய்ந்த சீட்டில், நெஞ்செரிச்சலோடு. முதல் சாப்பாட்டை விட்டால் இரண்டரைக்கே கண்ணை மூடலாம், ஏழு மணி நேரம் கிடைக்கும். இரண்டையும் விட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடும். ஆனால் முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் மத்தியானம் குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வரும்வரை பதினேழு மணி நேரம் பட்டினி. அது எனக்கு ஒத்துவராது.

இரவு மூன்று மணிக்கு உடம்பு சோறு கேட்பதில்லை. அந்த நேரத்தில் செரிமானம் மந்தம், சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரையும் பகலில் ஏறுவதைவிடக் கூடுதலாக ஏறும். போதாக்குறைக்கு விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதுபோல் குறைவு. வயிற்றிலுள்ள வாயு விரிந்து உப்பிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதமும் மிகக் குறைவு என்பதால், வாயும் தொண்டையும் வறண்டுபோகும். விழித்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்ப்பது நல்லது. காலிப் பாட்டிலைப் பையில் வைத்து, பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

எழுப்ப வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. அதைச் சொல்லியும் எழுப்பப்படுகிறவர்கள் உண்டு, காரணம் பெரும்பாலும் நாலுதான். முதலாவது, டிக்கெட்டில் சைவச் சாப்பாடு பதிவு செய்திருப்பது. AVML என்ற குறியீட்டோடு அது சீட் எண்படி தனியாக, மற்றவர்களுக்கு முன்னதாகவே வரும். நம் ஆட்கள் பாதிப் பேர் இதைத்தான் பதிவு செய்வோம். பட்டியலில் சீட் எண் இருப்பதால், உறுதிப்படுத்திக்கொள்ள நம்மைத் தட்டி எழுப்புவார்கள். அதனால் ஏறி உட்கார்ந்ததும், அந்தப் பகுதியைப் பார்க்கும் பணிப்பெண்ணிடம் சீட் எண்ணைச் சொல்லி, “என் சைவச் சாப்பாடு முதல் தடவை வேண்டாம், காலையில் எழுப்பிக் கொடுங்கள்” என்று விளக்கமாகச் சொல்லிவிடுங்கள். வெறும் ‘எழுப்பாதீர்கள்’ என்றால் காலைச் சாப்பாடும் போய்விடும். சில விமானங்களில் இதற்கென்றே சீட்டில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் தருவார்கள்.

இரண்டாவது, பெல்ட். குலுங்கும்போது விளக்கு எரிந்தால், போர்வைக்குள் இருக்கும் பெல்ட்டைப் பார்க்க எழுப்பித்தான் ஆக வேண்டும். போர்வைக்கு மேலே போட்டுக்கொண்டால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவது, சாய்ந்த சீட். பின்னால் இருப்பவர் சாப்பிடும்போது நிமிர்த்தச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரம் நிமிர்ந்தே தூங்க, கழுத்துக்கு ஒரு தலையணை தேவைப்படும். நாலாவது பக்கத்து சீட்காரர். இதற்கு ஜன்னலோரம்தான் மருந்து.

‘எனக்கு எடுத்து வையுங்கள், அப்புறம் சாப்பிடுகிறேன்’ என்று கேட்டுப் பார்க்கலாம், அதை நம்பி இருக்க வேண்டாம். ஒருமுறை சூடு செய்த சாப்பாட்டை நெடுநேரம் வைத்திருந்தால் கெட்டுவிடும் அபாயம் உண்டு, அதனால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். பன்னோ பழமோ கிடைக்கலாம். நடு இரவில் பசித்தால் பின்பக்கச் சமையலறைத் திரைக்குப் போய்க் கேளுங்கள், பிஸ்கட், சாண்ட்விச் ஏதாவது இருக்கும்.

அதைவிட நான் நம்புவது கையிலிருப்பதை. மத்தியானம் வீட்டில் நல்லெண்ணெய் விட்டு மிளகாய்ப் பொடி தடவிய நாலு இட்லி, அல்லது புளியோதரை. புளியும் எண்ணெயும் இருப்பதால் புளியோதரை மறுநாள் காலைவரை தாங்கும். கோடையில் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. தயிர்சாதம் வேண்டாம். புளித்துவிடும், பாதுகாப்புச் சோதனையில் தகராறு வரலாம், மிச்சமிருந்தால் ஜெர்மனிக்குள் கொண்டுபோகவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. வாழைப்பழத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

இந்த வழி நடக்க வேண்டுமானால் இரவுச் சாப்பாடு ஒழுங்காக அமைய வேண்டும். மூன்று மணிக்குக் கும்பகோணத்தில் கிளம்பி, அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டியில் ஏறினால், எட்டு மணிக்குத் திண்டிவனம் தாண்டியிருப்போம். அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். தோசை, இட்லி, சாதம் எதுவானாலும் சரி. கொண்டைக்கடலை, சோடா, எண்ணெயில் மிதக்கும் குருமா வேண்டாம். வழியெல்லாம் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று போர்டு கூப்பிடும். கும்பகோணத்தை விட்டு வந்துதான் அதைக் குடிக்க வேண்டுமா என்ன! காபியின் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குக் குடித்தால், விமானம் ஏறும்போதும் பாதி உள்ளே இருக்கும். கடைசிக் காபி வீட்டிலேயே, கிளம்பும்போது.

காலைச் சாப்பாட்டை நான் விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்திய நேரம் ஒன்பதே முக்கால் என்பது கோடையில் ஜெர்மனியில் காலை ஆறேகால். அந்த ஊர்க் காலையில் சாப்பிட்டு இறங்கினால் அன்றைய பகல் சுலபமாக ஓடுகிறது. குளிர்காலத்தில் அது ஐந்தேகால், கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனாலும் பரவாயில்லை.

இன்சுலின் போடுபவர்களும், வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டிய சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் இதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். நேரம் மாறும்போது மருந்தின் அளவையும் வேளையையும் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சர்க்கரை இல்லை, அனுபவமும் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் என் கணக்கு பொருந்துமா என்று தெரியாது. பசித்த குழந்தை யாரையும் தூங்கவிடாது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ இரவில் போகிறவர்களுக்கு இத்தனை யோசனை தேவையில்லை. நாலு மணி நேரம்தான். மலிவு விமானங்களில் சாப்பாடு முன்பதிவு செய்தால் மட்டுமே வரும். பதிவு செய்யாவிட்டால் யாரும் எழுப்பப் போவதில்லை. ஆனால் அவற்றில் சிலவற்றில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்ற விதி உண்டு. புளியோதரைப் பொட்டலத்தை விமான நிலையத்திலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.