ஒன் டு ஒன்னைக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்துவந்த மேலாளர்: குழுவிடம் மன்னிப்பா, ஒவ்வொருவரிடமுமா?

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். தலைமையகம் லண்டனில். மேலாளர் வியாழக்கிழமைதோறும் ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் தனியாகச் சந்திக்க வேண்டும். நால்வருக்குக் காலையில் நேரம், மற்ற இருவருக்கு மாலை 4 மணியும் 4.30 மணியும். தலைமையகத்தோடு லண்டன் நேரம் காலை 9 மணிக்கு நடக்கும் ஃபோன் கால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 5 மணி. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள், இங்கே தள்ளுவதில்லை. அதோடு அந்தக் கால் 4 மணிக்கு வந்துவிடுகிறது. சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் மேலாளர் கடைசி நிமிடம் வரை விட்டுவைக்கிறார். பிறகு, "சாரி, அடுத்த வாரம் பார்க்கலாம்." ஜூன் வந்தும் இதே கதைதான்.

இப்போது மன்னிப்புக் கேட்க நினைக்கிறார். எப்படிக் கேட்பது?

குழு சாட்டில் ஒரு செய்தி போடுவதுதான் எளிது. ஐந்து பேர் கட்டைவிரல் போடுவார்கள், விஷயம் முடிந்துவிடும். அதனால்தான் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லோரையும் டேக்காவுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு வாங்கித் தருவதும் இதே வகைதான். நல்ல மனசு, ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து யாரும் தன் குறையைச் சொல்ல மாட்டார்கள்.

வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் நேரில் சொல்வது இதைவிட மேல். தவறை ஒப்புக்கொண்டதற்கு ஆறு பேர் சாட்சி. ஆனால் பாதிப்பு ஆறு பேருக்கும் சமமாக இல்லையே! காலை நேரக்காரர்களுக்குச் சந்திப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது. அடி வாங்கியது அந்த இருவர்தான். "உங்க எல்லார்கிட்டயும் சாரி" என்றால் அவர்களுடைய இழப்பு பொதுக் கணக்கில் கரைந்துவிடும். எல்லோர் முன்னும் கேட்கும்போது "பரவாயில்ல சார்" என்பதைத் தவிர அவர்களால் வேறென்ன சொல்ல முடியும்?

அவர்களில் ஒருவர் பிள்ளையை அழைத்துவரச் சீக்கிரம் கிளம்புவது பற்றிப் பேசக் காத்திருந்தார் என்று வையுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டுதல்களின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறையாக எழுத்தில் விண்ணப்பித்தால் நிறுவனம் 2 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் முதலில் மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று நினைப்பவருக்கு அந்த 2 மாதம் ஆரம்பிக்கவே இல்லை. ரத்தான ஒவ்வொரு வியாழனும் அவருக்கு ஒரு வாரத் தாமதம். இது கூட்டத்தில் வெளியே வராது.

ஆகவே அந்த இருவரிடமும் முதலில் தனித்தனியாகப் பேச வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். ரத்தான சந்திப்பு காலண்டரில் தெரியாது. அவுட்லுக்கில் அனுப்பிய மெயில்களில் `Canceled:` என்று தேடினால் யாருக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் முன்னால் என்பது வந்துவிடும். பிறகு இப்படிச் சொல்லலாம்:

"ஏப்ரல்ல இருந்து உங்க மீட்டிங்க அஞ்சு தடவை கேன்சல் பண்ணியிருக்கேன். நாலு தடவை பத்து நிமிஷம் முன்னாடிதான் சொன்னேன். லண்டன் கால் மாறினதுமே உங்க நேரத்த நான் மாத்தியிருக்கணும், மாத்தல. சாரி. அந்த வாரங்கள்ல என்கிட்ட பேசணும்னு வெச்சிருந்தது என்னென்ன? இப்பவே பேசலாம்."

இதில் "மன்னிச்சிடுங்க, ப்ளீஸ்" இல்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு கூறுகளில் அதிக எடை பெற்றது பொறுப்பை ஏற்பது. அடுத்தது சரிசெய்யும் வழியைச் சொல்வது. மன்னிக்கும்படி கேட்பதுதான் கடைசி. "வேலை அதிகம்" என்று ஆரம்பித்தால் அந்த முதல் கூறே அடிபட்டுப் போகிறது.

தனியாகப் பேசுவதோடு நிறுத்தினாலும் சிக்கல் உண்டு. கோப்பிக் கடையில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். இவருக்கு ஒரு காரணம், அவருக்கு ஒரு காரணம் என்று தெரிந்தால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். அதனால் அதே வாரக் கூட்டத்தில் இரண்டே வரியில் தவறையும் புது ஏற்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஆறு பேருக்கும் ஒரே அளவில் ரத்தாகியிருந்தால் மட்டும் கூட்டத்தை முதலில் வைக்கலாம்.

ஏற்பாட்டிலும் இரண்டு வழி. "இனி ரத்தே ஆகாது" என்ற வாக்குறுதி கேட்க இனிமை, ஆனால் அடுத்த அவசரத்தில் உடைந்துவிடும். "மாற்ற நேர்ந்தால் முந்தின நாளே சொல்வேன், அதே வாரத்தில் வேறு நேரம் தருவேன்" என்பது காப்பாற்றக்கூடியது. கூடவே அந்த இருவரையும் காலை 10 மணிக்கும் 10.30க்கும் மாற்றிவிட வேண்டும். லண்டனில் அப்போது விடியக்கூட இல்லை, யாரும் கால் போட மாட்டார்கள்.

மன்னிப்பு எடுபட்டதா என்பது சில வாரங்களில் தெரியும். "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் ஓகே" என்று பத்தே நிமிடத்தில் சந்திப்பு முடிந்துகொண்டிருந்தால் எடுபடவில்லை. அவர் பேச நினைத்ததை வேறொருவர் வாயால் கேள்விப்பட்டாலும் அப்படித்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டன் கால் மறுபடி 5 மணிக்குப் போகும். 4 மணி காலியாகிவிட்டதே என்று அந்த இருவரையும் திரும்ப அங்கே நகர்த்தாதீர்கள்.