மேக விதைப்பு: வெள்ளி அயோடைடா, உப்பா?

மேக விதைப்பால் மழை வருமா என்று கேட்டால், எந்த மேகத்தில் எதைத் தூவினார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இதில் முறைகள் இரண்டு. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

முதலாவது குளிர் மேகத்துக்கானது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் அதில் இருக்கும். வெள்ளி அயோடைடு படிகத்தின் அமைப்பு பனிக்கட்டியைப் போன்றது. அதைத் தூவினால் துளிகள் உறைந்து, படிகம் பெருத்து, பனியாக விழும். அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் 2017 ஜனவரி 19 அன்று விமானம் காற்றுக்குக் குறுக்கே போய்வந்து 20 நிமிடம் தூவியது. அதுவரை வெறுமையாக இருந்த ரேடார் திரையில், விமானம் போன தடம் அப்படியே கோணல்மாணலான கோடுகளாகத் தெரிந்தது! கிடைத்த தண்ணீர் சுமார் 12 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் 10,000 நடை. ஆனால் அது விழுந்தது 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பில். சராசரியாகப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பனி மலையில் தங்கி, உருகி அணைக்கு வரும் என்பதால்தான் அங்கே இது கட்டுப்படியாகிறது.

இரண்டாவது நம்மூர் மாதிரி வெப்ப மேகத்துக்கு. இங்கே துளிகள் மிகச் சிறியவை. ஒரு மழைத்துளி உருவாக ஏறக்குறைய பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். மேகத்தின் அடிப்பகுதியில், காற்று மேலெழும் இடத்தில் கால்சியம் குளோரைடு உப்பை எரித்துப் புகையாக விடுகிறார்கள். உப்பு ஈரத்தை இழுத்துப் பெரிய துளியாகி, மற்றவற்றோடு மோதிச் சேர்த்துக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் சோலாப்பூரில் 2018, 2019 பருவமழையின்போது புணே வெப்பமண்டல வானிலை நிறுவனம் இதைச் சோதித்தது. எடுத்துக்கொண்டவை 276 மேகங்கள். எதில் தூவுவது, எதை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 100 சதுர கிலோமீட்டரில் சராசரியாக 18 சதவீதம் மழை கூடியது. அதாவது 10 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 11.8.

எதை நம்பலாம்? ஐடஹோவில் மாற்றம் ரேடாரிலேயே தெரிந்தது, அதனால் என் மனதில் சந்தேகமில்லை. சோலாப்பூர் முடிவு கணக்கில்தான் தெரிகிறது. வெப்ப மேகம் தானாகவே அடுத்தடுத்து மாறுபடும். நல்ல சோதனைதான், ஆனாலும் இன்னும் சில ஊர்களில் இதே முடிவு வந்தால்தான் நிம்மதி. இஸ்ரேல் பல ஆண்டுகள் வெள்ளி அயோடைடு தூவியது. தொடக்கச் சோதனைகள் பெரிய பலன் சொன்னாலும், 2013-ல் தொடங்கிய சோதனையில் கிடைத்தது 2 சதவீதம்கூட இல்லை. அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு முறைக்கும் மேகம் முன்பே இருந்தாக வேண்டும். 2025 அக்டோபரில் மாசைக் கழுவ டெல்லி மேலே தூவிப் பார்த்தார்கள். மேகத்தில் ஈரம் 15 சதவீத அளவில்தான் இருந்தது என்று கான்பூர் ஐஐடி சொன்னது. சொல்லும்படி மழை பெய்யவில்லை.