ஆர்.ஓ.வா, ஒகேனக்கல் குழாயா: கிராம சபையில் பேசியது

தலைவர் அவர்களே, பெரியவர்களே, அக்கா தங்கச்சிமார்களே, வணக்கம்.

நம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமாக இருப்பதால், நம் ஊருக்கு இரண்டு குடிநீர்த் திட்டங்கள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, ஏரிக்கரையில் 900 அடிக்குப் புது போர் போட்டு, பக்கத்திலேயே மணிக்கு ஆயிரம் லிட்டர் ஆர்.ஓ. பிளாண்ட் வைப்பது. இன்னொன்று, மெயின் ரோட்டில் போகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து 3.4 கிலோமீட்டர் கிளைக் குழாய் இழுத்துவந்து நம் டேங்கில் ஏற்றுவது. நான் இரண்டாவதைத்தான் ஆதரித்துப் பேச வந்திருக்கிறேன். ஆனால் மதிப்பீட்டில் இப்போது எழுதியிருப்பதை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. அதில் இரண்டு மாற்றம் வேண்டும்: குழாய் அமைப்பில் ஒன்று, பழைய போர் இணைப்பில் ஒன்று.

ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்த ஐந்து பெண்களில் நானும் ஒருத்தி. பஞ்சாயத்தில் இருக்கும் சோதனைப் பெட்டியில் நம் பழைய போர் தண்ணீரைப் பார்த்தால், மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு மங்கி மஞ்சளுக்குப் போய்விடுகிறது. ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சள் அதிகமாகும். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியும் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றுதான் வந்தது. 1 வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர அளவு. நம் பிள்ளைகளின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறையைப் பல்பொடி மாற்றி எடுக்க முடியாது. பல் உள்ளே உருவாகும் வயதிலேயே அது பதிந்துவிடுகிறது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

முதல் திட்டத்தின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில் முடிந்துவிடும். சாவி நம் கையில் இருக்கும், மேலே இருக்கிற ஊர் வால்வைத் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆர்.ஓ. ஃபுளோரைடைப் பத்தில் ஒன்பது பங்கு எடுத்துவிடும் என்பதும் உண்மை. நம் 3 அங்கே 0.3 ஆகிவிடும்.

சிக்கல் மெஷினுக்கு வெளியே இருக்கிறது. நம் ஊரில் 850 பேர். ஆர்.ஓ. தண்ணீர் வீட்டுக் குழாயில் வராது, கேனில் பிடித்துத் தூக்கிவர வேண்டும். குடிக்க மட்டும் தூக்குவோம். சமையலுக்கு யார் தூக்குவார்கள்? உலைக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். சோறாவது கஞ்சி வடிப்போம். களி கிண்டினால் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் தட்டுக்கு வந்துவிடுகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டில் பழைய போர் தண்ணீரே இருக்கும்போது, கேன் தண்ணீர் பாதிக் காவல்தான்.

சரி, சமையலுக்கும் சேர்த்து ஆளுக்குப் பத்து லிட்டர் எல்லோரும் தூக்குகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8,500 லிட்டர். இந்த மாதிரிச் சின்ன பிளாண்டில் ஏற்றும் தண்ணீரில் நூற்றுக்கு நாற்பதுதான் நல்ல தண்ணீராக வரும் என்று கணக்கு வைத்தால், போரிலிருந்து 21,250 லிட்டர் எடுக்க வேண்டும். மீதி 12,750 லிட்டர் கழிவு. உள்ளே போன ஃபுளோரைடு ஏறக்குறைய முழுக்க அந்தக் கழிவில்தான் சேரும். அதன் அளவு கிட்டத்தட்ட 4.8 ஆகிவிடும். இதை எங்கே விடுவது என்று மதிப்பீட்டில் ஒரு வரி இல்லை. ஏரிக்கரைப் பள்ளத்தில் விட்டால் கீழே இறங்கி அதே நிலத்தடிக்குத்தான் போகும்.

போரை ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வரும் என்று சில அண்ணன்மார் சொல்கிறார்கள். நம் அடியில் இருப்பது கருங்கல் பாறை. ஃபுளோரைடு வருவதே அந்தப் பாறையிலிருந்துதான். ஆழத்துத் தண்ணீர் பாறையோடு அதிகக் காலம் கிடப்பதால் பல இடங்களில் அளவு கூடித்தான் வரும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பதற்காக 900 அடிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆர்.ஓ.வில் தண்ணீரை வடிக்கும் மெம்பரேனை மாற்ற வேண்டும். அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று நான் கேட்டேன், பதில் வரவில்லை.

இப்போது காவிரித் தண்ணீருக்கு வருகிறேன். ஒகேனக்கல் திட்டம் ஃபுளோரைடுக்காகவே ஜப்பான் கடனுதவியில் போடப்பட்டது. 2013 முதல் நம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தண்ணீர் தருகிறது. மெயின் ரோட்டுக் குழாய்த் தண்ணீரைப் பெட்டியில் பார்த்தால் அரைக்கும் கீழே. வீட்டுக் குழாயிலேயே வரும், அதனால் களிக்கும் உலைக்கும் இதுதான்.

இதன் குறையும் தெரியும். நாம் கடைசி ஊர், அதிலும் மேட்டில் இருக்கிறோம். கடைசி ஊருக்குத் தண்ணீர் ஏறாது என்று பயப்படுகிறவர்கள் சொல்வது நியாயம்தான். அதனால்தான் கணக்குப் பார்க்கச் சொன்னேன். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளுக்கு சுமார் 47,000 லிட்டர் வேண்டும். அது எட்டு மணி நேரத்தில் வந்து சேர வேண்டும். குழாய் பிரியும் இடத்தைவிட நம் ஊர் 18 மீட்டர் உயரம். தண்ணீர் பத்து மீட்டர் ஏற ஒரு கிலோ பிரஷர் தேவை. குழாய்க்குள் உரசிப் போகும்போதும் பிரஷர் குறையும். மதிப்பீட்டில் எழுதியிருக்கும் 75 மில்லிமீட்டர் குழாயில் உரசலுக்கே சுமார் 15 மீட்டர் போய்விடும், ஆக 33 மீட்டர், அதாவது 3.3 கிலோ. 90 மில்லிமீட்டர் போட்டால் உரசல் 6 மீட்டர்தான், 2.4 கிலோ போதும். மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லோரும் பிடிக்கிற காலை நேரத்தில் கேஜ் வைத்துப் பார்த்தபோது குழாய் பிரியும் இடத்தில் இருந்தது 3 கிலோ. 75 போட்டால் நமக்கு வேண்டிய அளவு வந்து சேராது, 90 போட்டால் வரும். குழாய் விலையில் மிச்சம் பிடிக்கப் போய்த் திட்டத்தையே கெடுத்துவிடக் கூடாது.

ஏறிவருகிற தண்ணீரை நேரே மேல்நிலைத் தொட்டிக்கு விட வேண்டாம். தொட்டி உயரமும் சேர்ந்தால் 3 கிலோ போதாது. கீழே 50,000 லிட்டர் சம்ப் கட்டி, அதிலிருந்து மோட்டாரில் ஏற்ற வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தாலும் சம்ப்பும் தொட்டியும் சேர்ந்து தாங்கும். கோடையில் அளவு குறைந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் உள்ள பங்கு கட்டாயம் நிற்கும்.

இரண்டாவது மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தண்ணீர் குறைகிற நாளில் பழைய போரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்துவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் ஃபுளோரைடு கிட்டத்தட்ட ஒன்றே முக்காலுக்கு வந்துவிடும், அளவைத் தாண்டியாச்சு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, இரண்டும் ஒரே தெளிவுதான். ஆகவே போர் குழாயைத் தொட்டியிலிருந்து வெட்டிவிட்டு, தெருவுக்கொரு சின்டெக்ஸ் வைத்துத் துவைக்கவும் கழுவவும் மட்டும் விட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கடைசித் தெருக் குழாயில் நாங்கள் சோதிப்போம். மஞ்சள் காட்டினால் யாரோ கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அன்றைக்கே கேட்போம்.

தீர்மானப் புத்தகத்தில் இதை எழுதச் சொல்கிறேன்: ஒகேனக்கல் கிளைக் குழாய், 90 மில்லிமீட்டர், சம்ப்புடன். போர் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். வேலை முடியும்வரை மெயின் ரோட்டுக் குழாயிலிருந்து டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், முதலில் அங்கன்வாடிக்கும் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும், பிறகு கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கும். ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள்.