சொந்தப் பெயருக்கே விளம்பரம்: மூன்று வருடக் கணக்கு

கரூரில் போர்வையும் திரைச்சீலையும் விற்கும் எங்கள் இணையக் கடைக்கு மூன்று வருடமாக கூகுள் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கடைப் பெயரைத் தேடுகிறவர்களுக்கும் விளம்பரம் காட்டிவந்தோம். ஒரு கிளிக் நான்கே ரூபாய், வருகிறவர்களில் இருபதில் ஒருவர் வாங்கிவிடுகிறார். அறிக்கையில் இதைவிட அழகான வரி வேறு கிடையாது. ஆனால் அவர்கள் எங்களைத் தேடியே வந்தவர்கள். விளம்பரம் இல்லாவிட்டால் அதற்குக் கீழேயே இருக்கும் எங்கள் இணைப்பைத் தொட மாட்டார்களா?

2012இல் ஈபே நிறுவனம் தன் பெயருக்கான விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திச் சோதித்தது. இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவச முடிவுகள் வழியாகவே திரும்பி வந்தன. அது உலகறிந்த பெயர். எங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கோவை, மதுரையில் மட்டும் நிறுத்தினேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையில் தொடர்ந்தேன். முதல் மாதம் வீணாயிற்று. எங்கே, யாருக்குக் காட்டுவது என்று கூகுளே முடிவுசெய்யும் பெர்ஃபாமன்ஸ் மேக்ஸ் என்ற இன்னொரு விளம்பரப் பிரச்சாரம் எங்கள் பெயருக்கு விளம்பரம் காட்டிக்கொண்டே இருந்தது. அதில் சொந்தப் பெயரை விலக்கிய பிறகே சோதனை சோதனையாயிற்று.

இந்த இரண்டு ஊர்களிலும் முன்பு நான்கு வாரத்தில் விளம்பரம் வழியாக 1,200 பேரும், இலவசத் தேடல் வழியாக முகப்புப் பக்கத்துக்கு 900 பேரும் வந்தார்கள். நிறுத்திய நான்கு வாரத்தில் இலவசமாகவே 2,040 பேர் வந்தார்கள். சென்னை எண்ணிக்கை அசையவில்லை. ஆக, இழந்தது 60 பேர். அதாவது மூன்று ஆர்டர். ஆர்டருக்கு 350 ரூபாய் லாபம் என்றால் 1,050 ரூபாய். அதற்காக 4,800 ரூபாய் கொடுத்துவந்திருக்கிறோம்! அன்றே எல்லா ஊர்களிலும் நிறுத்தச் சொன்னேன்.

தீபாவளிக்கு முன் நிலைமை மாறியது. போட்டிக் கடை ஒன்று, எங்கள் பெயரைத் தேடுகிறவர்களுக்குத் தன் விளம்பரத்தைக் காட்ட கூகுளில் ஏலம் கேட்கத் தொடங்கியது. தேடினால் எங்களுக்கு மேலே அவர்கள் நின்றார்கள். விளம்பரத்தை மீண்டும் தொடங்கி, முன்போலவே இரண்டு ஊர்களில் மட்டும் நிறுத்திப் பார்த்தேன். இம்முறை இழப்பு 420 பேர், அதாவது 21 ஆர்டர், 7,350 ரூபாய் லாபம். கிளிக் விலையும் ஆறு ரூபாயாகிவிட்டதால் மிச்சமான செலவு 7,800. முதல் ஆர்டரில் கொஞ்சம் கைக்கடிதான். ஆனால் எங்களிடம் ஒருமுறை வாங்கியவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள். அதனால் அந்தப் பருவம் முழுக்க விளம்பரத்தை விடவில்லை.

போட்டியாளர் வந்துவிட்டாரா என்று கூகுளின் ஏல ஒப்பீட்டு அறிக்கை காட்டும். ஆனால் நாம் ஏலத்தில் இருந்தால்தான் அது நிரம்பும். முழுக்க நிறுத்தினால் வெறுமையாகிவிடும். அதனால் இப்போது சென்னையில் மட்டும் சிறு தொகையில் விளம்பரம் ஓடுகிறது. திங்கள்தோறும் அந்த அறிக்கையைத் திறக்கிறேன். புதுப் பெயர் ஏதும் இல்லையென்றால் மற்ற ஊர்களில் தொடுவதில்லை.